ஒப்பாரியைப் பதிவு செய்தவர்கள் ஊருக்கு என்ன பதில் சொல்வார்கள்?

நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வேடு ஏதாவது கையில் கிடைத்தால், அதன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 'தகவலாளர் பட்டியல்' என்று ஓர் இணைப்பு இருக்கும். பாடியவரின் பெயர், வயது, சாதி, தொழில், ஊர் எல்லாம் கட்டம் போட்டு அச்சாகியிருக்கும். அதற்கு முந்தைய இணைப்பில் அவர் பாடிய பாட்டு வரி விடாமல் இருக்கும். கள ஆய்வு உண்மையாக நடந்தது என்று தேர்வாளருக்குக் காட்டுவதற்காக வந்த வழக்கம் இது. ஆய்வேடு நூலக அலமாரியில் தூசி படிந்து கிடந்த காலத்தில் அதனால் யாருக்கும் கேடு வரவில்லை. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைக்குப் பிறகு, ஒவ்வோர் ஆய்வேட்டின் மின்பிரதியையும் கொடுத்தாக வேண்டும். அவை 'சோத்கங்கா' தளத்தில் ஏறுகின்றன. இப்போது அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் கைபேசியில் திறந்து படிக்கலாம்.

தாலாட்டோ நடவுப்பாட்டோ என்றால் இதில் பெரிய சிக்கல் இல்லை. ஒப்பாரி என்றால் நிலைமை வேறு.

இழவு வீட்டில் மாரடித்து அழும் பெண், செத்தவரின் பெருமையை மட்டும் பாடுவதில்லை. தன் பாட்டையும் சேர்த்துப் பாடுகிறாள். பிறந்த வீடு கைவிட்டது, கொழுந்தனார் நிலத்தை எழுதி வாங்கியது, நாத்தனார் சோற்றுக்குக் கணக்குப் பார்த்தது எல்லாம் வரிசையாக வரும். சம்பந்தப்பட்டவர்கள் அதே பந்தலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்களே தவிர எழுந்து சண்டைக்குப் போக மாட்டார்கள். ஏனென்றால் இழவு வீட்டில் பாடியதை வாசல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, மறுநாள் அதை வைத்து யாரும் வழக்குப் பேசக் கூடாது என்று ஊருக்குள் ஒரு கட்டு இருக்கிறது. ஒரு பெண் சபையில் இவ்வளவு பேச முடிவதே அந்தக் கட்டு இருக்கும் தைரியத்தில்தான். பதிவுக் கருவி வாசல் தாண்டும்போது அந்தக் கட்டையும் அறுத்துக்கொண்டு போகிறது.

மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் ஆட்களையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். ஒரு கல்லூரி மாணவி அங்கே ஒப்பாரி சேகரிக்கப் போனார். சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவது ஆகாது என்பதால், அறுபதைத் தாண்டிய ஓர் அப்பத்தாவை ஊருக்கு வெளியே களத்துமேட்டுக்கு அழைத்துப் போனார்கள். முதலில் அப்பத்தா மழுப்பினார். பிறகு தன் புருஷன் செத்தபோது பாடியதையே பாடினார். இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றதும், அண்ணி கதவைச் சாத்தியதும் அதில் வந்தன. பாடி முடித்து வெகுநேரம் அழுதார். மாணவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். 'கல்வி நோக்கத்துக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்' என்ற ஒரே வரிதான் அதில் இருந்தது.

ஒன்றரை ஆண்டு கழித்து அந்தப் பாட்டு யூடியூபில் ஏறியது. துறையின் பெருமையைக் காட்ட யாரோ ஏற்றியிருந்தார்கள். அப்பத்தாவின் படமும் பெயரும் ஊரும் கீழே இருந்தன. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் பேரனுக்கு அது வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்தது. அடுத்து வந்த பேத்தி சடங்குக்கு அண்ணன் வீட்டிலிருந்து செய்முறை வரவில்லை. அந்த வட்டாரத்தில் செய்முறை வராமல் போவது என்றால் உறவு அறுந்தது என்று பொருள்.

"அந்தப் புள்ள நல்ல புள்ளதான், குத்தம் சொல்ல மாட்டேன். பாடச் சொன்னுச்சு, பாடுனேன். ஊரு ஒலகத்துக்கெல்லாம் போட்டுக் காட்டுவாகன்னு ஒருத்தரும் சொல்லலையே. எங்கண்ணனும் அண்ணியும் இருக்குற பந்தல்லயே பாடுனவ நான். அவுக பேரப்புள்ளைக கேக்குறதுக்கா பாடுனேன்?" என்றார் அப்பத்தா.

இதில் யார் மீதும் திருட்டுப் பட்டம் கட்ட முடியாது. மாணவி அனுமதி வாங்கினார். கல்லூரி நல்லெண்ணத்தில் ஏற்றியது. கோளாறு அந்த ஒரு வரி அனுமதியில் இருக்கிறது. பாடுவதற்குத்தான் அப்பத்தாவின் சம்மதம் வாங்கப்பட்டது. யார் யார் கேட்கலாம் என்பதற்கு வாங்கப்படவே இல்லை. 'கல்வி நோக்கம்' என்று எழுதிக் கொடுப்பவருக்கும், கீழே பெருவிரலை வைப்பவருக்கும் அந்தச் சொல்லுக்குள் யூடியூப் அடங்குமா என்று தெரியாது.

சட்டம் இந்த இடத்தில் நாம் நினைப்பதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், நிகழ்த்துபவர் உரிமை என்று 38ஆம் பிரிவு ஒன்று உண்டு. பாட்டு பரம்பரைப் பாட்டாக, யாருக்கும் சொந்தமில்லாததாக இருக்கலாம். ஆனால் அன்று அதைப் பாடிய குரலின் மீது பாடியவருக்கு 50 ஆண்டுகள் உரிமை இருக்கிறது. உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும் என்று பதிவு செய்வதை 39ஆம் பிரிவு விதிவிலக்காக அனுமதிக்கிறது. அதே பதிவைப் பிரதி எடுத்து வெளியிடுவதும் பொதுமக்களுக்குக் கேட்கக் கொடுப்பதும் பாடியவரின் உரிமைக்குள் வருபவை. 2012 திருத்தத்தில் சேர்ந்த 38ஆ பிரிவு, தன் பாட்டுக்குத் தன் பெயரைக் கோரும் உரிமையையும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைத் திரித்தால் எதிர்க்கும் உரிமையையும் பாடியவருக்குத் தருகிறது. ஆக, மாணவி களத்துமேட்டில் பதிவு செய்தது சட்டத்துக்கு உட்பட்டது. கல்லூரி யூடியூபில் ஏற்றியது அந்த விதிவிலக்குக்குள் அடங்காது.

ஆனால் சட்டத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. ஒலிப்பதிவு என்ற பொருளுக்கு உரிமையாளர், அதைப் பதிவு செய்ய முன்முயற்சி எடுத்தவர்தான். அவருடைய உரிமை 60 ஆண்டு. பாடியவரைவிடப் பொத்தானை அழுத்தியவருக்குப் பத்து ஆண்டு கூடுதல். களத்துமேட்டில் அழுதவர் இந்தக் கணக்கைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அச்சில் போட முடியாது.

பதிவு கைமாறிக் கைமாறி எங்கே போய் நிற்கும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள சாலமன் தீவுகளில் அஃபுனக்வா என்ற பெண் பாடிய ஒரு தாலாட்டை, ஹ்யூகோ ஸெம்ப் என்ற இசை ஆய்வாளர் 1970 வாக்கில் பதிவு செய்தார். யுனெஸ்கோ வரிசையில் அது இசைத்தட்டாக வந்தது. 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு அந்தக் குரலை எடுத்துத் தாளம் சேர்த்து வெளியிட்ட பாட்டு உலகமெங்கும் விற்றது. 1996இல் நார்வே சாக்ஸபோன் கலைஞர் ஒருவர் அந்த மெட்டை 'பிக்மி தாலாட்டு' என்ற தலைப்பில் வாசித்தார். பிக்மி மக்கள் இருப்பது ஆப்பிரிக்காவில். நான்கு கை மாறுவதற்குள் பாடியவரின் பெயர் மட்டுமல்ல, கண்டமே தொலைந்துவிட்டது. ஸெம்ப் அந்த ஆண்டே தன் எதிர்ப்பை எழுதிப் பதிவு செய்தார். ஆய்வாளர் நேர்மையானவராக இருந்தும் இப்படி நடந்தது. முதல் பதிவு பொதுவெளிக்குப் போன பிறகு அவர் கையில் பிடி இல்லை.

எனவே கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டாக வேண்டும். ஒரு கேள்வியாக இல்லாமல் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்தப் பாட்டை நான் வைத்துக்கொள்ளலாமா? எங்கள் வாத்தியாரும் கூடப் படிப்பவர்களும் கேட்கலாமா? உங்கள் ஊர்க்காரர்கள் கேட்கலாமா? ஊர் பேர் தெரியாதவர்கள் போனில் கேட்கலாமா? உங்கள் பெயரைப் போடட்டுமா, மறைக்கட்டுமா? நான் பார்த்தவரை ஒப்பாரி பாடும் பெண்கள் பலர், மூன்றாவது கேள்விக்குத்தான் அதிகம் தயங்குவார்கள். ஜப்பான்காரன் கேட்டால் அவர்களுக்குக் கவலை இல்லை, அடுத்த தெருக்காரி கேட்டால்தான் கவலை. படித்தவர்கள் இதை நேர்மாறாக நினைத்துக்கொள்கிறோம். ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது எப்போதும் புண்ணியம், வெளியில் விடுவதுதான் ஆபத்து என்பது நம் எண்ணம்.

இந்தக் கேள்விகளைப் பாடி முடித்த பிறகு கேட்பது நல்லது. பாடும் முன்பு கேட்டால், என்ன வரப்போகிறது என்று பாடுபவருக்கே தெரியாது. ஒப்பாரி மனப்பாடமாக ஒப்பிப்பது இல்லை, அழ அழ வருவது. முடிந்ததும் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, சற்று ஆறவிட்டு, பதிவை அங்கேயே போட்டுக் காட்ட வேண்டும். ஒலிபெருக்கியில் போடக் கூடாது, காதில் மாட்டும் ஒலிப்பானில்தான் போட வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் பாடியவர் வெட்கப்பட்டுச் 'சரி சரி' என்று சொல்லிவிடுவார். கேட்டுவிட்டு 'இந்த எடத்த மட்டும் எடுத்துருங்க தாயி' என்பார்கள். எந்த இடம் என்று குறித்துக்கொண்டு வெட்டிவிடலாம். சம்மதத்தைத் தாளில் வாங்குவதோடு, அவர் குரலிலேயே பதிவின் கடைசியில் சொல்லச் சொல்லி வாங்கலாம். தாள் தொலையும். குரலோடு சேர்ந்த குரல் தொலையாது. மறுபடி ஒருமுறை, ஆறு மாதம் கழித்தாவது, போய்க் கேட்க வேண்டும். அன்றைக்கு அழுத ஈரத்தில் கொடுத்த சம்மதம் பிறகும் நிற்கிறதா என்று பார்க்காமல் வெளியே விடுவது நியாயம் ஆகாது.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசு கொடுத்தால் தகவல் கெட்டுவிடும் என்று சில நெறியாளர்கள் மாணவர்களைத் தடுக்கிறார்கள். இழவு வீட்டில் மாரடிக்கப் போகிறவர்களுக்குக் காசு கொடுப்பது பழக்கம். நூறு நாள் வேலையையோ களையெடுப்பையோ விட்டுவிட்டு உட்கார்ந்தவருக்கு ஒரு நாள் கூலி கொடுக்காமல் வெற்றிலை பாக்கோடு முடித்துக்கொள்வது எந்த ஆராய்ச்சி நெறி என்று எனக்கு விளங்கவில்லை. கொடுக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பாடிய பொழுதுக்கான கூலி அது. பதிவை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பதற்கான விலையாக அது மாறிவிடக் கூடாது.

ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது என்பதை இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். பேசுவது சரிதான். 1938இல் ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சுக்காரர் தென்னிந்தியாவில் சுற்றிப் பதிவு செய்த பாட்டுகளை, நசீர் ஜெய்ராஸ்பாயும் ஏமி காட்லினும் 1984இல் எடுத்துக்கொண்டு அதே பாதையில் போய் ஊர் ஊராக ஆட்களைத் தேடினார்கள். 46 ஆண்டுக்குப் பிறகும் அது நடந்திருக்கிறது. 1982இல் தொடங்கி இப்போது அரியானாவில் குருகிராமில் இயங்கும் இனவரைவு இசை ஆவணக் காப்பகம், பதிவைக் கொடுப்பவர் போடும் நிபந்தனைப்படியே மற்றவர்களுக்குக் கேட்கத் தருகிறது. முன்மாதிரிகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நம் ஊர்களில் திருப்பிக் கொடுக்கும் காட்சி எப்படி இருக்கும்? ஒரு விழா, ஒரு சால்வை, ஊராட்சித் தலைவர் கையில் ஒரு குறுந்தட்டு, புகைப்படம். குறுந்தட்டைப் போட அந்த ஊரில் கருவியே இருக்காது. தலைவர் வீடு ஊருக்குள் இருக்கும், பாடியவர் வீடு காலனியில் இருக்கும். மேல்தெரு இழவுக்குப் பறையடித்தவரும் ஒப்பாரி வைத்தவரும் சேரிக்காரர்கள், 'ஊருக்கு' என்று கொடுத்த பதிவு போய்ச் சேர்ந்தது மேல்தெருவுக்கு. இதைத் திருப்பிக் கொடுத்ததாகக் கணக்கில் எழுதுகிறோம். திருவிழாவில் ஒலிபெருக்கியில் ஒப்பாரியைப் போட்டுக் 'கலை வளர்த்த' கூத்தும் நடந்திருக்கிறது. நல்ல காரியத்தன்று காதில் ஒப்பாரி விழுவது எப்படிப்பட்ட அபசகுனம் என்பதை மேடையில் இருந்த ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பிரதி பாடியவரின் கையில் போய்ச் சேர வேண்டும். எந்த வடிவில் என்பதையும் யோசித்தாக வேண்டும். நல்ல தரத்தில், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் பதிவு செய்த இருவழி ஒலிக்கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி வரும். காப்பகத்துக்கு அதுதான் வேண்டும். அப்பத்தாவின் பொத்தான் போனில் அது ஓடாது. அதையே 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் ஒரு மணி நேரம் 60 எம்பிக்குள் அடங்கும், மெமரி கார்டில் போட்டால் போதும். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் பழைய போன்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவும் உதவாது. அதனால் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் 'இது உங்கள் அம்மா இறந்தபோது பாடிய பாட்டு' என்று குரலில் சொல்லிச் சேர்க்க வேண்டும். எப்படித் திறப்பது என்று வீட்டிலுள்ள பேரப்பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும், ஆனால் எதை எல்லாம் அந்தப் பிள்ளை கேட்கலாம் என்று முதலில் பாடியவரிடம் கேட்ட பிறகுதான்.

பாடியவர் இறந்துவிட்டால்? இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. 1990களில் கேசட்டில் பதிவு செய்தவர்களின் பிள்ளைகள், 'எங்கம்மா கொரல் உங்ககிட்ட இருக்காமே' என்று தேடி வருகிறார்கள். கேசட்டோ பேராசிரியர் வீட்டு மேசை இழுப்பறையில் பூசணம் பூத்துக் கிடக்கிறது. கொடுப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் அதில் மருமகளைப் பற்றியோ மூத்த மகனைப் பற்றியோ என்ன பாடியிருக்கிறார் என்று முழுதும் கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. சில குடும்பங்கள் தலைத்திவசம் வரைக்கும் கேட்க மாட்டோம் என்று சொல்வார்கள், அதற்கும் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒவ்வொரு மாணவரும் தானே கண்டுபிடித்துச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. முனைவர் பட்டத்துக்கு எழுத்துப் பிரதியைக் கேட்கும் பல்கலைக்கழகம், அந்த எழுத்துக்கு மூலமான ஒலிப்பதிவைக் கேட்பதில்லை. பட்டம் வாங்கியதும் அது மாணவரின் மடிக்கணினியில் இருக்கிறது, மடிக்கணினி பழுதானதும் இல்லாமல் போகிறது. காப்பாற்ற வேண்டிய குரல் தொலைகிறது, மறைக்க வேண்டிய பெயரும் சாதியும் என்றென்றைக்கும் இணையத்தில் நிற்கின்றன. தலைகீழாக நடக்கிறது.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் நாட்டார் வழக்காற்றியல் நடத்தும் மற்ற கல்லூரிகளும் சேர்ந்து முடிவெடுத்தால் இதைச் சரிசெய்துவிடலாம். தகவலாளர் பட்டியலைத் தேர்வாளருக்கு மட்டும் தனி உறையில் கொடுக்கச் சொல்லலாம். சோத்கங்காவுக்குப் போகும் பிரதியில், பெயர் போடச் சொன்னவர்களின் பெயர் மட்டும் இருக்கட்டும், சாதி என்ற கட்டம் யாருக்கும் வேண்டாம். ஏற்கெனவே ஏறிவிட்ட ஆய்வேடுகளில் ஒப்பாரி, வசைப்பாட்டு உள்ளவற்றையாவது எடுத்துப் பார்த்து, பட்டியலை நீக்கிய பிரதியை மாற்றி ஏற்றலாம். ஒலிப்பதிவைச் சம்மதக் குரலோடு சேர்த்துத் துறையில் ஒப்படைத்தால்தான் வாய்மொழித் தேர்வு என்று வைக்கலாம். பாடியவருக்குப் பிரதி போய்ச் சேர்ந்ததா என்று நெறியாளர் கையெழுத்திட வேண்டும். மாணவர் மட்டும் கையெழுத்திட்டால், அந்த ஊரோடு உறவு மாணவரோடு முடிந்துவிடும்.

வெளியே போய்விட்டதைத் திரும்ப எடுக்கவும் வழி இருக்கிறது. தன் முகமோ குரலோ பெயரோ அடையாளம் தெரியும்படி ஒரு காணொளியில் வந்திருந்தால், சம்பந்தப்பட்டவரே தனியுரிமைப் புகார் கொடுக்க யூடியூபில் தனிப் படிவம் உண்டு. புகாரைப் பெற்றதும், ஏற்றியவருக்குத் தாமாக நீக்க 48 மணி நேர அவகாசம் கொடுக்கிறார்கள், பிறகு தாங்கள் பரிசீலிக்கிறார்கள். காணொளியின் முகவரியும், எந்த நிமிடத்தில் வருகிறது என்பதும் தேவை. அப்பத்தாவுக்காக இதை அவர் ஊர் நூலகத்துக்கு வரும் ஒரு கல்லூரிப் பையன் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தான். இரண்டாம் நாளே கல்லூரிக்காரர்கள் தாங்களாகவே எடுத்துவிட்டார்கள். அந்த மாணவியின் ஆய்வேடு இன்னும் சோத்கங்காவில் இருக்கிறது. அதை மாற்றக் கேட்டு, பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அப்பத்தா பேரில் எழுதிய கடிதம் அனுப்பப்பட்டிருக்கிறது, பதில் வர வேண்டும்.